கைபேசிப் படம் தொலைக்காட்சியில் நீள்வதும் மங்குவதும்: காரணமும் திருத்தமும்

இன்று விற்பனையாகும் தொலைக்காட்சிப் பெட்டிகளின் திரை ஏறக்குறைய எல்லாமே 16-க்கு 9 என்ற விகிதத்தில் அமைந்தவை. அதாவது அகலத்தைப் பதினாறு பங்காகப் பிரித்தால் உயரம் அதில் ஒன்பது பங்கு இருக்கும். பழைய பெட்டிகளின் 4-க்கு 3 என்ற விகிதத்துக்கும் அகன்ற திரைப்படங்களின் 2.35-க்கு 1 என்ற விகிதத்துக்கும் நடுவே நின்று, இரண்டையும் அளவான கறுப்புப் பட்டைகளோடு காட்டக்கூடிய வடிவம் இது என்று 1980களில் அமெரிக்கப் பொறியாளர் கெர்ன்ஸ் பவர்ஸ் கணக்கிட்டுக் காட்டியதை ஒட்டியே உலகம் இந்த விகிதத்தில் நிலைகொண்டது. கைபேசிகளும் ஒரு காலம் வரை இதே வடிவில்தான் வந்துகொண்டிருந்தன. பிறகு கைக்குள் அடங்கும் அகலத்தை மாற்றாமல் திரையை மட்டும் பெரிதாக்க வேண்டியிருந்ததால் அவை உயரமாக வளர்ந்தன. இன்று நடுத்தர விலையில் கிடைக்கும் ஆண்ட்ராய்டு கைபேசி பலவற்றின் திரை 20-க்கு 9 என்ற விகிதத்தில் இருக்கிறது. ஒரே வீட்டில், ஒரே படத்தைக் காட்ட வேண்டிய இரண்டு திரைகள் இப்படி வேறு வேறு வடிவில் இருப்பதே இவ்வுரையில் ஆராயப்படும் கோளாறுகளுக்கெல்லாம் வேர்.

கைபேசியில் ஒழுங்காகத் தெரியும் முகம் தொலைக்காட்சிக்குப் போனதும் நீண்டுவிடுகிறது, அல்லது அகன்றுவிடுகிறது. நான்கு புறமும் கறுப்புச் சட்டம் சூழ்ந்து நடுவில் சிறிய படம் நிற்கிறது. எழுத்துகள் நீரில் நனைந்தவைபோல் கரைந்து தெரிகின்றன. இவற்றைக் கண்டவுடன் ரிமோட்டை எடுத்துக் கைக்கு வந்த அமைப்பையெல்லாம் மாற்றிப் பார்ப்பதே பெரும்பாலோர் செய்வது. அப்படிச் செய்யும்போது ஒரு கோளாறை இன்னொரு கோளாறால் மறைத்துவிடுவதும், அடுத்த நாள் வேறொரு நிகழ்ச்சியைப் பார்க்கும்போது அது புதிய கோளாறாக வெளிப்படுவதும் வழக்கமாக நடக்கிறது. படம் கைபேசியிலிருந்து புறப்பட்டுத் திரையை அடையும் வரை மூன்று இடங்களில் அதன் வடிவமோ தெளிவோ மாற்றப்படலாம்: கைபேசி, இடையிலுள்ள கம்பியில்லா இணைப்பு, தொலைக்காட்சி. எந்த இடத்தில் மாற்றம் நேர்ந்தது என்பதை முதலில் அளந்து அறிந்துகொண்டால், திருத்தம் பெரும்பாலும் ஒரே அமைப்பில் முடிந்துவிடும்.

படத்தை அனுப்பும் வழிகள் இரண்டு என்பதும், அவை அடிப்படையிலேயே வேறானவை என்பதும் முதலில் தெளிவாக வேண்டும். பேச்சு வழக்கில் இரண்டையுமே காஸ்ட் செய்வது என்று சொல்கிறார்கள். ஸ்கிரீன் மிரரிங் எனப்படும் திரைப் பிரதிபலிப்பில், கைபேசி தன் திரையில் தெரியும் அனைத்தையும், மேலே உள்ள கடிகாரம், பேட்டரிக் குறி உட்பட, நொடிக்கு முப்பதோ அறுபதோ முறை படம்பிடித்து, சுருக்கி, கம்பியில்லாமல் தொலைக்காட்சிக்கு அனுப்புகிறது. வைஃபை கூட்டமைப்பு 2012இல் கொண்டுவந்த மிராகாஸ்ட் இந்த வகையைச் சேர்ந்தது. காஸ்ட் என்ற சொல்லின் சரியான பொருளோ வேறு. யூடியூப் போன்ற செயலிக்குள் இருக்கும், சிறு செவ்வகமும் அதன் மூலையில் வளைந்த கோடுகளும் கொண்ட குறியைத் தொட்டால், எந்த நிகழ்ச்சி வேண்டும் என்ற செய்தி மட்டுமே கைபேசியிலிருந்து போகிறது. தொலைக்காட்சி தானே இணையத்திலிருந்து அந்தப் படத்தை நேரடியாக எடுத்துத் தன் திரைக்கேற்பக் காட்டுகிறது. கூகுள் 2013இல் வெளியிட்ட குரோம்காஸ்ட் இந்த முறையைப் பரவலாக்கியது. முதல் வழியில் கைபேசித் திரையின் வடிவமும் படத்தோடு சேர்ந்து பயணம் செய்கிறது. இரண்டாம் வழியில் அது பயணம் செய்வதில்லை.

இந்த வேறுபாட்டின் விளைவை ஒரு குறிப்பிட்ட இணையை வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். தொலைக்காட்சி 43 அங்குலம். அதன் திரை 95.2 சென்டிமீட்டர் அகலமும் 53.5 சென்டிமீட்டர் உயரமும் உடையது. அதில் 1920-க்கு 1080 படப்புள்ளிகள், அதாவது பிக்சல்கள் உள்ளன. கைபேசியின் திரையைக் கிடையாகப் பிடித்தால் 2400-க்கு 1080 படப்புள்ளிகள். இந்தக் கைபேசித் திரையை வடிவம் கெடாமல் தொலைக்காட்சியில் பொருத்த வேண்டுமானால், 2400 என்ற அகலம் 1920-க்குள் அடங்கும்படி எல்லாவற்றையும் ஐந்தில் நான்காகக் குறைக்க வேண்டும். அப்போது உயரம் 864 படப்புள்ளிகளாகும். மீதியுள்ள 216 படப்புள்ளிகள் மேலும் கீழும் சமமாகப் பிரிந்து, சுமார் 5.3 சென்டிமீட்டர் உயரமுள்ள இரண்டு கறுப்புப் பட்டைகளாக நிற்கும். இந்தப் பட்டைகளைக் கோளாறு என்று கருதுவோர் பலர். வடிவம் சரியாக இருப்பதற்கு அவையே அடையாளம். அவற்றை ஒழிக்க முயலும்போதுதான் முகங்கள் நீளத் தொடங்குகின்றன.

அதே கைபேசியில் 16-க்கு 9 வடிவிலுள்ள ஒரு நிகழ்ச்சியை ஓடவிட்டுத் திரையைப் பிரதிபலித்தால் நிலை இன்னும் மோசமாகிறது. நிகழ்ச்சி கைபேசித் திரையின் நடுவில் 1920-க்கு 1080 அளவில் நிற்கிறது. இடமும் வலமும் 240 படப்புள்ளி அகலமுள்ள பட்டைகள் கைபேசியிலேயே விழுகின்றன. இந்த முழுத் திரையும் ஐந்தில் நான்காகக் குறைந்து தொலைக்காட்சிக்குப் போகும்போது, நிகழ்ச்சி 1536-க்கு 864 என்று சுருங்கி, நான்கு புறமும் கறுப்புச் சட்டத்துக்குள் அமர்கிறது. பரப்பளவில் பார்த்தால் திரையின் 64 விழுக்காடு மட்டுமே பயன்படுகிறது. 43 அங்குலப் பெட்டியை வாங்கியவர் ஏறக்குறைய 34 அங்குலப் பெட்டியின் படத்தைப் பார்க்கிறார். நிகழ்ச்சியின் வடிவமும் தொலைக்காட்சியின் வடிவமும் ஒன்றே என்றாலும், இடையில் நின்ற கைபேசியின் நீண்ட திரைக்குள் புகுந்து வெளிவந்ததால்தான் இந்த இழப்பு ஏற்படுகிறது.

இந்தச் சட்டத்தை நீக்க மக்கள் கையாளும் வழிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. கைபேசியில் இரு விரல்களால் படத்தை விரித்தால், நிகழ்ச்சி 2400 படப்புள்ளி அகலத்துக்கு வளர்ந்து, அதன் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மேலும் கீழும் வெட்டுப்பட்டுப் போகிறது. செய்தி அலைவரிசைகளின் அடியில் ஓடும் வரியும், படங்களின் துணையுரையும் முதலில் மறைவது இதனால்தான். அப்படி வெட்டிய பின்னும் தொலைக்காட்சியில் மேல்கீழ்ப் பட்டைகள் போவதில்லை. தொலைக்காட்சியின் ஜூம் அமைப்பு இரு திசையிலும் சமமாகப் பெரிதாக்குவதாக இருந்தால் வடிவம் கெடாது. ஒன்றேகால் மடங்கு பெரிதாக்கினால் நிகழ்ச்சி திரையைச் சரியாக நிரப்பவும் செய்யும். ஆனால் ஏற்கெனவே 1536-க்கு 864 ஆகக் குறைத்து அனுப்பப்பட்ட படத்தில் இல்லாத நுணுக்கத்தைப் பெரிதாக்குவதால் வரவழைக்க முடியாது என்பதால், படம் திரையை நிரப்பினாலும் மங்கலாகவே இருக்கும். இத்தகைய நிகழ்ச்சிக்கு முறையான திருத்தம் ஒன்றே: பிரதிபலிப்பை நிறுத்திவிட்டு, செயலிக்குள் இருக்கும் காஸ்ட் குறியைத் தொட்டு, தொலைக்காட்சியே படத்தை எடுத்துக்கொள்ளும்படி செய்வது. கட்டணம் செலுத்திப் பார்க்கும் திரைப்படச் செயலிகள் சில, பிரதிபலிப்பின்போது ஒலியை மட்டும் விட்டுப் படத்தைக் கறுப்பாக்கிவிடுவதால், அங்கே பிரதிபலிப்பு பயன்படவே செய்யாது.

எல்லாவற்றையும் காஸ்ட் செய்ய முடியாது என்பதும் உண்மை. பள்ளிப் பாடச் செயலிகள், காணொளி அழைப்புகள் முதலியவற்றுக்குப் பெரும்பாலும் பிரதிபலிப்பே துணை. ஆகவே பிரதிபலிப்பில் படம் நீண்டோ அகன்றோ தெரியும்போது, குற்றம் யாருடையது என்று கண்டறியும் முறையை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதற்கு வேண்டிய கருவி ஓர் அளவுகோல் அல்லது தையல் நாடா. வட்டமான எவர்சில்வர் தட்டு ஒன்றைத் தரையில் வைத்து, நேர் மேலிருந்து ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் படத்தைக் கைபேசியில் திறந்து, தட்டின் அகலத்தையும் உயரத்தையும் கைபேசித் திரையிலேயே அளந்து, இரண்டும் சமம் என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சாய்வாக எடுத்த படமானால் அங்கேயே வேறுபாடு தெரிந்துவிடும். பிறகு கைபேசியைக் கிடையாகப் பிடித்துத் திரையைப் பிரதிபலித்து, தொலைக்காட்சியில் அதே தட்டின் அகலத்தையும் உயரத்தையும் அளக்க வேண்டும். கண்ணால் பார்த்து முடிவு செய்வது போதாது. திரைக்குப் பக்கவாட்டில் அமர்ந்திருப்பவருக்குச் சரியான வட்டமும் ஒடுங்கித்தான் தெரியும், நாள்தோறும் நீண்ட முகங்களைப் பார்த்துப் பழகியவருக்கு அதுவே இயல்பாகவும் தோன்றும்.

மேலே சொன்ன 43 அங்குலத் திரையில் தட்டின் அகலம் 23.8 சென்டிமீட்டரும் உயரம் 29.7 சென்டிமீட்டரும் இருந்ததாகக் கொள்வோம். உயரத்தை அகலத்தால் வகுத்தால் 1.25 வருகிறது. இந்த எண் தற்செயலானதன்று. இருபதை ஒன்பதால் வகுத்து, வரும் விடையை 16-க்கு 9 என்ற விகிதத்தால் மீண்டும் வகுத்தால் கிடைப்பதும் சரியாக 1.25 தான். ஆகவே 20-க்கு 9 வடிவிலுள்ள கைபேசிப் படத்தை யாரோ மேலும் கீழும் இழுத்து 16-க்கு 9 திரையை நிரப்பியிருக்கிறார்கள் என்பது உறுதியாகிறது. தட்டு அகலவாக்கில் நீண்டு, அகலத்தை உயரத்தால் வகுத்தபோது 1.33 வந்தால், 4-க்கு 3 வடிவிலுள்ள படம் ஒன்று பக்கவாட்டில் இழுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அளவு 1.00 வந்து, அதோடு படத்தின் ஓரங்கள் காணாமற்போயிருந்தால், அது வேறு வகைக் கோளாறு. அது பின்னர் விளக்கப்படும்.

இழுத்தது கைபேசியா தொலைக்காட்சியா என்பதே அடுத்த கேள்வி. பொதுவாகப் பிரதிபலிப்பில் கைபேசி அனுப்புவது 1920-க்கு 1080 அளவுள்ள முழுச் சட்டகம். மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டைகளைக் கைபேசியே வரைந்து, படத்தின் பகுதியாகவே அனுப்பிவிடுகிறது. பட்டை எது, படம் எது என்று தொலைக்காட்சிக்குத் தெரியாது. எனவே தொலைக்காட்சி உயரத்தை மட்டும் கூட்டும் அமைப்பில் இருந்தால், மேலிருந்தும் கீழிருந்தும் 108 படப்புள்ளிகள் திரைக்கு வெளியே தள்ளப்படுகின்றன. கிடையாகப் பிடித்தபோது வெளியே போவது பட்டை மட்டும் என்பதால் இழப்பு புலப்படுவதில்லை. கைபேசியை இப்போது நிமிர்த்திப் பிடித்தால் உண்மை வெளிப்படும். சரியான நிலையில், நிமிர்ந்த கைபேசியின் படம் தொலைக்காட்சியின் நடுவில் சுமார் 24 சென்டிமீட்டர் அகலத்தில், முழு உயரத்துக்கு நிற்க வேண்டும். மேலுள்ள கடிகாரமும் பேட்டரிக் குறியும், கீழுள்ள பொத்தான்களும் காணாமற்போனால் இழுத்தது தொலைக்காட்சி. அவை இருந்து, படம் மட்டும் பக்கவாட்டில் ஊதிப் பெருத்துத் திரை முழுவதையும் நிரப்பினால் இழுத்தது பெரும்பாலும் கைபேசி.

தொலைக்காட்சி என்று தெரிந்தால், பிரதிபலிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பட அமைப்புக்குள் சென்று, படத்தின் அளவு அல்லது விகிதம் என்ற பகுதியை 16:9 என்று வைக்க வேண்டும். படம் ஓடும்போதே செய்ய வேண்டும் என்பது முக்கியம்; பல பெட்டிகள் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் தனித்தனியாக இந்த அமைப்பை நினைவில் வைத்துக்கொள்வதால், கேபிள் அலைவரிசையைப் பார்த்துக்கொண்டே மாற்றினால் அது கேபிளுக்கு மட்டுமே மாறும். பிரதிபலிப்பின்போது அந்த வரி சாம்பல் நிறத்தில் மாற்ற முடியாதபடி இருந்தால், தொலைக்காட்சி அந்த உள்ளீட்டில் விகிதத்தை மாற்ற இடம் தரவில்லை என்று பொருள். அப்போது திருத்தத்தைக் கைபேசியில்தான் தேட வேண்டும்.

கைபேசி என்று தெரிந்தால், பிரதிபலிப்புச் செயலியின் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டும். சாம்சங் கைபேசிகள் சிலவற்றின் ஸ்மார்ட் வியூ பகுதியில், கைபேசியின் விகிதத்திலேயே அனுப்புவதா, இணைந்த திரையை நிரப்புவதா என்று தேர்ந்தெடுக்கும் வரி உள்ளது. நிரப்புதல் என்ற சொல் கவர்ச்சியாக இருந்தாலும், சில இடங்களில் அது இழுத்து நிரப்புவதாகவும், சில இடங்களில் கைபேசியின் திரையையே தற்காலிகமாக 16-க்கு 9 ஆகக் குறுக்கி நிரப்புவதாகவும் இருக்கலாம். தட்டின் படத்தை மறுபடி அளந்தால் எது என்று தெரிந்துவிடும்.

இந்த இரண்டாவது வேலையை, அதாவது கைபேசித் திரையின் வடிவத்தையே தொலைக்காட்சியின் வடிவத்துக்கு மாற்றுவதை, ஆண்ட்ராய்டில் கட்டளை மூலம் செய்யும் வழியும் இருக்கிறது. நாள்தோறும் பாடம் நடத்தவோ கணக்கு விளக்கவோ கைபேசியைப் பிரதிபலிக்கும் ஆசிரியர்களுக்கு இது பெரும் பயன் தருவது. கைபேசியின் டெவலப்பர் அமைப்புகளில் யூ.எஸ்.பி. டீபக்கிங் என்பதை இயக்கி, கைபேசியைக் கணினியோடு கேபிளால் இணைத்து, ஆண்ட்ராய்டின் adb என்ற கருவியில் பின்வரும் கட்டளைகளைத் தர வேண்டும்.

```
adb shell wm size
adb shell wm size 1080x1920
adb shell wm size reset
```

முதல் கட்டளை திரையின் உண்மையான அளவைக் காட்டும்; எடுத்துக்காட்டில் உள்ள கைபேசியானால் 1080x2400 என்று வரும். இரண்டாவது கட்டளை, திரை 1080-க்கு 1920 தான் என்று ஆண்ட்ராய்டை எண்ணவைக்கும். உடனே கைபேசியின் சொந்தத் திரையில் நீளவாக்கில் கறுப்பு இடம் விழும், செயலிகள் எல்லாம் மீதி இடத்துக்குள் அடுக்கி வைக்கப்படும். இப்போது கைபேசியைக் கிடையாகப் பிடித்துப் பிரதிபலித்தால், 1920-க்கு 1080 என்ற படம் எந்தச் சுருக்கமும் நீட்சியும் இன்றித் தொலைக்காட்சித் திரையோடு பொருந்தும்; நான்கு புறச் சட்டம் மறையும், தட்டின் அளவு 1.00 ஆகும். மூன்றாவது கட்டளை பழைய நிலையை மீட்கும். கைபேசியை அணைத்து இயக்கினாலும் இந்த மாற்றம் தானாகப் போகாது என்பதால், மூன்றாவது கட்டளையை எழுதி வைத்துக்கொண்ட பிறகே இரண்டாவதைத் தர வேண்டும். எல்லா நிறுவனங்களின் கைபேசிகளும் இதற்கு ஒரே மாதிரி ஒத்துழைப்பதில்லை; சில செயலிகளின் பொத்தான்கள் இடம் மாறி நிற்கவும் கூடும். ஐபோனில் இத்தகைய கட்டளை கிடையாது.

அகலவாக்கில் 1.33 மடங்கு நீண்ட படத்தின் கதை வேறு. இங்கே கைபேசியும் குற்றவாளி இல்லை, தொலைக்காட்சியும் இல்லை என்பது அடிக்கடி காணக்கூடியது. தமிழில் அகன்ற சினிமாஸ்கோப் திரைக்கென எடுக்கப்பட்ட முதல் படம் 1973இல் வந்த ராஜராஜ சோழன். அதற்கு முற்பட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள் ஏறக்குறைய 4-க்கு 3 என்ற வடிவத்தை ஒட்டியவை. இவற்றை இணையத்தில் ஏற்றுவோர் சிலர், பட்டைகள் தெரியக் கூடாது என்று கருதி, கோப்பையே 16-க்கு 9 ஆக இழுத்துப் பதிந்துவிடுகிறார்கள். நடிகர்களின் முகம் பருத்து, உயரம் குன்றித் தெரிவதற்கு இதுவே காரணம். இதைக் கண்டுபிடிப்பது எளிது. கைபேசித் திரையிலேயே வண்டிச் சக்கரமோ கடிகாரமோ முட்டை வடிவில் தெரிந்தால், கோளாறு அனுப்புவதில் இல்லை, கோப்பில் இருக்கிறது. அத்தகைய படத்தைக் காஸ்ட் செய்தால் தொலைக்காட்சி அதே தவறான வடிவை உண்மையாகக் காட்டும். கோப்பு கைபேசியில் சேமிக்கப்பட்டதாக இருந்தால், வி.எல்.சி. போன்ற காணொளி இயக்கியில் விகிதத்தை 4:3 என்று மாற்றித் திரையைப் பிரதிபலிப்பதே சரியான வழி. வேறு இடங்களில் தவிர்க்க வேண்டிய பிரதிபலிப்பு இங்கே மட்டும் காஸ்ட்டைவிட மேலானதாகிறது. தொலைக்காட்சியில் 4:3 என்ற அமைப்பு மாற்றக் கிடைத்தால் அதுவும் இதே திருத்தத்தைச் செய்யும். பழைய படங்களைப் பாதுகாக்கும் ஆர்வத்தோடு ஏற்றுவோர் இந்த ஒரு பிழையைத் தவிர்த்தால், அந்தப் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தவர்களின் உழைப்பு மதிக்கப்பட்டதாகும்.

வட்டம் வட்டமாகவே இருந்து, ஓரங்கள் மட்டும் காணாமற்போகும் கோளாறுக்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர். திரைக்கு வெளியே படம் வழிந்து நிற்பது என்று இதை விளக்கலாம். குழாய்த் திரைப் பெட்டிகளின் காலத்தில் படத்தின் ஓரங்கள் நேராக நிற்காததால், படத்தைச் சற்றே பெரிதாக்கி ஓரங்களை மறைப்பது வழக்கமாயிற்று. தட்டைத் திரைகளுக்கு அந்தத் தேவை இல்லை என்றாலும் வழக்கம் மட்டும் பல பெட்டிகளில் தொடர்கிறது. எச்.டி.எம்.ஐ. துளையில் செருகும் சிறிய பிரதிபலிப்புக் கருவிகளைப் பயன்படுத்துவோருக்கு இது அடிக்கடி நேர்கிறது. ஒவ்வொரு ஓரத்திலும் இரண்டரை விழுக்காடு போனால், 1920-க்கு 1080 என்ற படத்தில் 1824-க்கு 1026 மட்டுமே கண்ணுக்குத் தெரியும். அது மறுபடி முழுத் திரைக்கும் பெரிதாக்கப்படும். பெருக்கம் ஒன்றேகால், ஒன்றரை என்றுகூட இல்லாமல் 1.05 என்ற சிறு பின்னமாக இருப்பதால், படத்தின் ஒரு புள்ளி திரையின் ஒரு புள்ளியோடு எங்கும் பொருந்தி அமர்வதில்லை. ஒவ்வொரு எழுத்தின் விளிம்பும் அடுத்த புள்ளிக்குக் கசிகிறது. ஓரம் போனதை விட்டுவிட்டு, எழுத்து மங்கியதை மட்டும் கவனிப்போர் இணைப்பைக் குறை சொல்வது இதனால்தான்.

இதற்கான அமைப்பை எல்.ஜி. பெட்டிகளில் Just Scan என்றும், சோனியில் Full Pixel என்றும், சாம்சங்கில் Fit to Screen என்றும் காணலாம். பெயர் எதுவானாலும், வந்த படத்தைப் பெரிதாக்காமல் புள்ளிக்குப் புள்ளி காட்டு என்பதே அதன் பொருள். இந்தப் பெயர்கள் கிடைக்காத பெட்டியில், அந்த எச்.டி.எம்.ஐ. உள்ளீட்டின் பெயரை PC என்று மாற்றினால் பல பெட்டிகள் ஓவர்ஸ்கேனைத் தாமே கைவிடுகின்றன.

வடிவம் சரியாகி, ஓரங்களும் திரும்பிய பின் எஞ்சும் மங்கலைப் பிரித்தறிய, அசையாத எழுத்து நிறைந்த ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துச் சில நொடி பொறுத்துப் பார்க்க வேண்டும். பக்கத்தை நகர்த்தும்போது எழுத்துகள் கட்டம் கட்டமாக உடைந்து, நிறுத்திய சில நொடிகளில் தெளிந்தால், குறை கம்பியில்லா இணைப்பில் இருக்கிறது. நொடிக்கு முப்பது சட்டகம் வீதம் 1920-க்கு 1080 படத்தைச் சுருக்காமல் அனுப்ப, வழக்கமான நிறக் குறைப்போடு பார்த்தாலும், நொடிக்குச் சுமார் 750 மெகாபிட் வேண்டும். வீட்டு வைஃபையில் அதில் மிகச் சிறு பங்கே நடைமுறையில் தொடர்ந்து கிடைப்பதால், கைபேசி படத்தைக் கடுமையாகச் சுருக்குகிறது, இணைப்பு மேலும் நெருக்கினால் இன்னும் சுருக்குகிறது. அசைவு நின்றதும் மீதி விவரங்களை அனுப்ப நேரம் கிடைப்பதால் படம் தெளிகிறது.

மிராகாஸ்டில் கைபேசியும் தொலைக்காட்சியும் நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. ஆனால் அதே நேரத்தில் கைபேசி வீட்டு ரௌட்டரோடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இணைந்திருந்தால், ஒரே வானொலிக் கருவி இரண்டு வேலைக்கும் நேரத்தைப் பங்கிட வேண்டியிருக்கும். கைபேசியில் சேமித்ததைக் காட்டுவதானால், வைஃபையை அணைக்காமல் ரௌட்டரோடு உள்ள இணைப்பை மட்டும் துண்டித்துப் பார்க்கலாம். இணையம் தேவையானால் ரௌட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரில் இணைக்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே உள்ள மலிவான கருவிகளிலும் பெட்டிகளிலும் இந்தத் திருத்தம் முழுப் பலன் தராது.

எத்தனை நொடி பொறுத்தாலும் எழுத்து தெளியவில்லையானால், காரணம் இணைப்பில் இல்லை. வெள்ளையில் கறுப்பு எழுத்து தெளிவாக இருந்து, நீலத்தில் சிவப்பு எழுத்து மட்டும் கலங்கினால், அது காணொளிச் சுருக்கத்தின் இயல்பு. ஒளியின் அளவு ஒவ்வொரு புள்ளிக்கும் தனியே அனுப்பப்படுகிறது, நிறமோ நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாக அனுப்பப்படுகிறது. இதற்கு எந்த அமைப்பிலும் மருந்து இல்லை, பாடத் தாளில் எழுத்தைக் கறுப்பாக்குவதே வழி. எழுத்தைச் சுற்றி வெண்மையான நிழல்கோடு தெரிந்தால், தொலைக்காட்சியின் ஷார்ப்னஸ் அளவு மிகுந்திருக்கிறது என்று பொருள். கூர்மையைக் கூட்டும் என்று நம்பி அதை உயர்த்துவோர் பலர். உண்மையில் அது விளிம்புகளுக்குக் கோடு இழுப்பதே தவிர, இல்லாத விவரத்தைத் தருவதன்று. நடுநிலை எண் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது, சோனியில் அது 50. ஆகவே வெண்கோடு மறையும் வரை குறைத்து அங்கே நிறுத்துவது நல்லது.

எச்.டி. ரெடி என்று விற்கப்படும் 32 அங்குலப் பெட்டிகளில் பெரும்பாலானவை 1366-க்கு 768 படப்புள்ளிகளே உடையவை. அங்கே 1080 வரிகளும் 768 வரிகளுக்குள் திணிக்கப்படுவதால், சிறிய எழுத்து தெளிவாகத் தெரியவே முடியாது. அமைப்புகளில் தேடி நேரத்தைச் செலவிடாமல், கைபேசியில் எழுத்தின் அளவையும் திரைக் காட்சியின் அளவையும் இரண்டு படி உயர்த்துவதே பயன் தரும்.

சாம்சங்கின் உயர்விலைக் கைபேசிகளில் உள்ள டெக்ஸ் என்னும் வசதி, கைபேசித் திரையைப் பிரதிபலிக்காமல் தொலைக்காட்சியின் வடிவத்திலேயே ஒரு தனி மேசைத் திரையை வரைவதால், மேலே சொன்ன வடிவச் சிக்கல்கள் அங்கே எழுவதில்லை. எழுத்துத் தெளிவே முதன்மையாக வேண்டுவோர் கேபிளை நாடலாம். ஆனால் கைபேசியின் யூ.எஸ்.பி.-சி துளை எல்லாக் கைபேசிகளிலும் படத்தை வெளியே தருவதில்லை. டிஸ்ப்ளேபோர்ட் வெளியீடு உள்ளவற்றில் மட்டுமே தரும். ஐபோன் 15 அந்த வசதி உடையது, யூ.எஸ்.பி. 2.0 துளை கொண்ட நடுத்தர விலை ஆண்ட்ராய்டு கைபேசிகள் பெரும்பாலும் அது இல்லாதவை. ஆகவே எச்.டி.எம்.ஐ. இணைப்பானை வாங்கக் கடைக்குச் செல்வோர், முதலில் தங்கள் கைபேசியின் விவரப் பட்டியலில் டிஸ்ப்ளேபோர்ட் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுக்க வேண்டும்.